ஐம்பது நிமிடத் தாமதமும் பதினாறு கிலோமீட்டர் சுற்றும்: ஒரு நாள் பயணத்தின் கணக்கு

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான், மனைவி, மாமனார் மூவரும் திருச்சியிலிருந்து வாடகைக் காரில் கிளம்பி, தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் பார்த்துவிட்டு இரவு திருச்சிக்கே திரும்புவது என்று திட்டம். தஞ்சாவூரில் மட்டும் ஒரு வழிகாட்டி. காரை ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் பேசினேன், வழிகாட்டியைத் தெரிந்தவர் மூலம் தனியாகப் பேசினேன். ஊர் திரும்பிய மறுநாள் இருவருக்கும் மதிப்புரை எழுத உட்கார்ந்தேன். முதலில் கை தானாக ஓட்டுநருக்கு இரண்டு நட்சத்திரமும் வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டது. பிறகு அன்றைய நேரங்களையும் ரசீதையும் எடுத்து வைத்துப் பார்த்தபோது இரண்டுமே சரியில்லை என்று தெரிந்தது. எப்படி மாற்றினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பேச்சுவார்த்தை. அதில் என்ன ஒத்துக்கொண்டோமோ அதை வைத்துத்தானே நியாயம் பேச முடியும்? காருக்குக் கிலோமீட்டருக்கு 13 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா 500, சுங்கமும் பார்க்கிங்கும் ஆகிற செலவு. ஆபீஸ்காரர் போனில் சொன்னதை நான் அப்படியே வாட்ஸ்அப்பில் தட்டி, "இதுதானே?" என்று கேட்டு, "ஆமா சார்" என்று பதிலும் வாங்கி வைத்தேன். வண்டி மஞ்சள் பலகைதானா என்றும் கேட்டுக்கொண்டேன். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால் நூறு இருநூறு குறையலாம், ஆனால் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். வழிகாட்டியிடம் பேச்சு இன்னும் சுருக்கம்: காலை 8 மணி முதல் 10 மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய், 10 மணிக்கு அவருக்கு வேறொரு குழு இருக்கிறது. அதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

இந்தப் பயணத்தில் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பெரிய கோயிலில் பன்னிரண்டரை வாக்கில், மற்ற இரண்டிலும் பன்னிரண்டு வாக்கில் சாத்தினால் மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பு. பிரகாரத்தைச் சுற்றலாம், சிற்பம் பார்க்கலாம், ஆனால் கருவறைப் பக்கம் போக முடியாது. ஆக, காலையில் அரை மணி தாமதித்தால் போவது அரை மணி மட்டுமல்ல. பன்னிரண்டு மணிக் கோட்டைத் தாண்டிவிட்டோமென்றால் அது நான்கு மணி நேரமாகிவிடும். எங்கள் திட்டம் ஆறரைக்குக் கிளம்பி, ஏழே முக்காலுக்குத் தஞ்சாவூர், பத்தேகாலுக்குள் அங்கிருந்து புறப்பாடு, பதினொன்றேகாலுக்குத் தாராசுரம், நடை சாத்துமுன் தரிசனம் என்று அந்தக் கோட்டை ஒட்டியே போடப்பட்டிருந்தது.

காலை 6.25-க்கு ஓட்டுநரைக் கூப்பிட்டேன். "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன் சார்." ஆறே முக்காலுக்குக் கூப்பிட்டேன். "பக்கத்துல வந்துட்டேன் சார்." ஏழு மணிக்கு அவர் எடுக்கவில்லை. வண்டி வந்து நின்றது 7.20-க்கு.

எனக்குக் கோபம் வந்தது அந்த ஐம்பது நிமிடத்தால் அல்ல, அந்த "அஞ்சு நிமிஷ"த்தால். ஆறு மணிக்கே "ஏழேகால் ஆகும் சார்" என்று சொல்லியிருந்தால் நாங்கள் லாட்ஜ் எதிரிலேயே இட்லி சாப்பிட்டிருப்போம். வழிகாட்டிக்கும் உடனே சொல்லியிருப்பேன், அவர் தன் அடுத்த குழுவிடம் பேசி ஏதாவது செய்திருக்கலாம். உண்மையான நேரம் தெரியாததால் பெட்டியைக் கீழே வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றோம். மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி, காலைச் சாப்பாடும் இல்லை. தாமதத்தையும் தாமதத்தை மறைத்ததையும் நான் தனித்தனியாகத்தான் எழுதுவேன். முதலாவது யாருக்கும் நேரும். இரண்டாவது ஒரு பழக்கம்.

தாமதத்துக்கு என்ன காரணம் என்பது மத்தியானம்தான் தெரிந்தது. முந்தின இரவு அவர் வேறொரு சவாரியை இறக்கிவிட்டு ஊர் திரும்பும்போது மணி ஒன்று. அதே ஆபீஸ், அதே ஓட்டுநர், காலை ஆறரைக்கு எங்கள் வண்டி. நடுவில் நாலரை மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார். கேட்டால் சொல்லியிருக்க மாட்டார். துவாக்குடி தாண்டியதிலிருந்தே கண்ணாடியை இறக்கி முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு வந்தார், ஒருமுறை கழுத்தைப் பின்னால் நெட்டி முறித்தார், இரண்டு தடவை "டீ சாப்பிடலாமா சார்" என்றார். இவையெல்லாம் தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறவரின் அடையாளங்கள். மாமனார்தான் முதலில் பிடித்தார். "தம்பி, ராத்திரி தூங்கினீங்களா?" என்று நேராகக் கேட்டார். "தூங்கினேங்க ஐயா" என்றுதான் பதில் வந்தது. உண்மையை மதியச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னார்.

தஞ்சாவூர் போய்ச் சேர 8.35. வழிகாட்டி 7.50-க்கே வந்து, கேரளாந்தகன் திருவாயில் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கழுத்தில் சுற்றுலாத் துறை அடையாள அட்டை. நாற்பத்தைந்து நிமிடம் நின்றதற்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை. பத்தேகாலுக்குப் போக வேண்டியவரை 10.10 வரை வைத்துக்கொண்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறிப்பைப் பார்த்தால் அவர் போக வேண்டியது பத்து மணிக்கு, பத்து நிமிடம் கூடத்தான் நின்றிருக்கிறார். 1,500 ரூபாயையும் முழுதாகக் கொடுத்தேன், 95 நிமிடம்தான் கிடைத்தது. இந்த இழப்பை வழிகாட்டியின் கணக்கில் எழுதுவது அநியாயம். வண்டி தாமதமாக வந்துவிட்டு, வழிகாட்டிக்கு "அவசரமாக முடித்துவிட்டார்" என்று மதிப்புரை வாங்கிக்கொடுப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற ஒன்று.

அவருடைய விஷய ஞானத்துக்கு வருவோம். இதை எப்படி அளப்பது? எனக்கு ஒரு வழி உண்டு. விடை எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்று, தெரியாத கேள்வி ஒன்று, யாருக்குமே எளிதில் தெரிய முடியாத கேள்வி ஒன்று கேட்பேன். மூன்றாவதற்கு வரும் பதில்தான் மற்ற இரண்டையும் நம்பலாமா என்று சொல்லும்.

நான் கேட்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "இந்த விமானத்தோட நிழல் தரையில விழாது, ஐயா." அப்போது மணி ஒன்பது இருக்கும். நாங்கள் விமானத்தின் மேற்குப் பக்கம், நல்ல நிழலில் நின்றுகொண்டிருந்தோம். அது எதன் நிழல்? நான் வாய் திறக்குமுன் என் மனைவி தரையைக் காட்டிச் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துவிட்டார். "வர்றவங்க எல்லாம் இதைத்தாங்க கேக்குறாங்க. சொல்லலைன்னா கைடுக்கு ஒண்ணும் தெரியலைன்னு போயிடுறாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தக் கதைக்கு ஒரு மூலை இருக்கத்தான் செய்கிறது. விமானம் சுமார் 60 மீட்டர் உயரம், அடிப்பகுதி சுமார் 30 மீட்டர்ச் சதுரம். அதாவது நடு உச்சியிலிருந்து சுவர் வரை எந்தப் பக்கமும் 15 மீட்டர். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வடக்கில் இருப்பதால், ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியிலிருந்து 12 பாகை சொச்சம் வடக்கே தள்ளி நிற்கும். அப்போது உச்சியின் நிழல் தெற்கே 13 மீட்டர்தான் நீளும், விமானத்தின் சொந்த அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். டிசம்பரில் அதே நண்பகலில் சூரியன் தெற்கே 34 பாகை சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே 40 மீட்டர் போய் முற்றத்தில் விழும். ஆக, வருடத்தில் சில மாதங்களில், பகலில் சிறிது நேரம், உச்சியின் நிழல் தரைக்கு வராது. அதைத்தான் யாரோ "விழவே விழாது" ஆக்கியிருக்கிறார்கள். காலை ஒன்பது மணி நிழலில் நின்றுகொண்டு அதைச் சொன்னதற்கு மதிப்பெண் குறைப்பேன். மடக்கியதும் சண்டைக்கு வராமல் ஒத்துக்கொண்டதற்குப் பாதியைத் திருப்பிக் கொடுப்பேன்.

அடுத்தது 216 அடி. விமானம் 216 அடி, அது உயிர்மெய் எழுத்துகளின் எண்ணிக்கை. லிங்கம் 12 அடி, அது உயிரெழுத்து. நடுவில் உள்ள தூரம் 18 அடி, அது மெய்யெழுத்து. எல்லாம் சேர்ந்து தமிழ். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மாமனார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் உருகிப் போவார் என்று வழிகாட்டி எதிர்பார்த்திருப்பார் போல. "ஏன் தம்பி, ராசராசன் காலத்துல இங்கிலீஷ்காரன் அடிக்கோல் எப்படி வந்துச்சு?" என்றார் மாமனார். சரியான கேள்வி. பன்னிரண்டு அங்குலம் கொண்ட, 30.48 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அடி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. முழமும் கோலும் வைத்து அளந்து கட்டிய கோயிலின் உயரம் அந்த அடியில் எண்ணினால்தான் எழுத்துக் கணக்கோடு பொருந்துகிறது என்றால், பொருத்தத்தை உண்டாக்கியவர் கட்டியவர் இல்லை, பின்னால் அளந்தவர். வழிகாட்டி இதற்குப் பதில் சொல்லவில்லை. "நல்ல பாயிண்டுங்க ஐயா" என்று நகர்ந்துவிட்டார்.

இந்த இரண்டோடு நிறுத்தியிருந்தால் அவரைச் சாதாரணக் கதைசொல்லி என்று எழுதியிருப்பேன். ஆனால் மற்ற இடங்களில் மனிதர் வேறு ஆள். உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒரே கல்லா என்று கேட்டேன், இது எனக்கு விடை தெரிந்த கேள்வி. "அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா அது பல கல்லுங்களைச் சேர்த்து வெச்சது" என்றார். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய நந்தி ராசராசன் வைத்ததா? இல்லை, நாயக்கர் காலத்தது என்றார். இரண்டும் சரி. கூட்டத்துக்குப் பிடித்த கதைகளை மறுத்துச் சொல்ல ஒரு வழிகாட்டிக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

அப்புறம் மாமனார் கல்வெட்டு கேட்டார். இங்கேதான் மற்ற வழிகாட்டிகள் கையைப் பொதுவாகச் சுவர் பக்கம் வீசி "எல்லாம் பழைய தமிழ், சார்" என்று போய்விடுவார்கள். இவர் எங்களை அடித்தளத்தின் ஓரமாக அழைத்துப்போய், குந்தி உட்கார்ந்து, கல்லைத் தொடாமல் விரலைச் சற்றுத் தள்ளி வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். புள்ளி இல்லாத எழுத்து என்பதால் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதையும் விளக்கினார். தான் கொடுத்ததையும், அக்கன் கொடுத்ததையும், பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டுக என்று ராசராசன் சொன்ன இடம் அது. அக்கன் என்றால் குந்தவை. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். இத்தனை வருடமாகப் பாடத்தில் படித்ததை, பாடம் நடத்தியதை, அன்றைக்குத்தான் கல்லில் பார்த்தார். கோயில் முடிந்த வருடம் 1010 என்றும், கட்டிய பெருந்தச்சன் பெயர் குஞ்சரமல்லன் என்று கல்வெட்டிலேயே இருப்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

என் மூன்றாவது கேள்வி, கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்கள் பற்றியது. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்து 1931-ல் கண்டறியப்பட்டவை. பொதுமக்களை அங்கே விடுவதில்லை. "அதுல நிறம் எப்படி இருக்கு, நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "இல்லைங்க. படத்துலதான் பாத்திருக்கேன். நேர்ல பாத்த மாதிரி சொல்ல முடியாது." இந்தப் பதிலுக்காகவே அவரை இன்னொரு தடவை கூப்பிடுவேன்.

பத்துப் பத்துக்கு அவர் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது ஓர் ஓவியக் கடையின் அட்டையைக் கொடுத்து "விருப்பமிருந்தா போங்க" என்றார், வற்புறுத்தவில்லை. எங்களுக்கு இன்னும் தரிசனம் ஆகவில்லை. சனிக்கிழமை வரிசை, நாற்பது நிமிடம் பிடித்தது. வெளியே வந்து செருப்பு மாட்டியபோது பதினொன்று.

நான் தாராசுரம் என்றேன். ஓட்டுநர் தலையை ஆட்டினார். "இப்பக் கிளம்பினா பன்னெண்டு அஞ்சுக்குப் போய் மூடின கதவுல நிப்போம் சார். இங்க அரண்மனையில சிலை எல்லாம் வெச்சிருக்காங்க, அதைப் பாருங்க. சாப்பிட்டுட்டுப் போனா நாலு மணிக்குக் கரெக்டா நடை திறக்கும்போது அங்க இருக்கலாம்." ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் எடுத்த நல்ல முடிவு அது, என் யோசனையும் இல்லை. அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் இருக்கிறார். காளை இல்லை, காளையின் மேல் சாய்ந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. பெரிய கோயில் முடிந்த மறு வருடம், 1011-ல் வார்த்தது. திட்டப்படி போயிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

ஓட்டுநரின் ஞானம் என்றால் இதுதான். எந்தக் கோயில் எப்போது மூடும், இடையில் உள்ள நேரத்தை எங்கே செலவழிக்கலாம், வயதானவர் குறைவாக நடக்க வண்டியை எந்த வாசலில் நிறுத்த வேண்டும். பிற்பகல் தாராசுரத்தில் இறங்கும்போது "இதுவும் ராசராச சோழன் கட்டினதுதாங்க" என்றார். கட்டியது இரண்டாம் ராசராசன், பன்னிரண்டாம் நூற்றாண்டு, பெரிய கோயிலுக்குச் சுமார் ஒன்றரை நூற்றாண்டு பின்னால். இதற்கு நான் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கவில்லை. அவரை வண்டி ஓட்டத்தான் அமர்த்தினேன். வரலாறு தெரியவில்லை என்று ஓட்டுநருக்கு எழுதுகிற மதிப்புரைகளைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நாங்கள் கலைக்கூடத்தில் இருந்த நேரத்தில், மாமனார் சொன்னபடி, அவர் மர நிழலில் வண்டியை நிறுத்தி ஒன்றேகால் மணி நேரம் தூங்கினார். தாமதத்தால் விளைந்த இன்னொரு நன்மை.

மதியத்துக்குப் பிறகு நியாயம் பற்றிய கேள்வி வந்தது. சாப்பிட்டு முடித்து நான்கு மணி வரை நேரம் இருந்தது. "சுவாமிமலையில சாமி சிலை வார்க்கறதைப் பாக்கலாம் சார்" என்றார். போனோம். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுகிற வேலையைப் பட்டறையில் நின்று பார்த்தோம். ஒன்றும் வாங்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. மணி 3.05. அங்கிருந்து தாராசுரம் பக்கம்தான், நிதானமாகப் போய் நடை திறக்கக் காத்திருக்கலாம். "இன்னும் நேரம் இருக்கு சார், திருபுவனம் பக்கம் ஒரு பட்டுக் கடை, சும்மா பாருங்க" என்றார். மனைவி சரி என்றாள். நானும் சரி என்றேன், அதை மறைக்கக் கூடாது.

திருபுவனம் கும்பகோணத்துக்குக் கிழக்கே எட்டுக் கிலோமீட்டர், தாராசுரம் மேற்கே. போக வர 16 கிலோமீட்டர். கடையில் நாற்பது நிமிடம், ஒரு சேலை வாங்கினோம். பணம் கொடுக்கும்போது ஓட்டுநர் உள்ளே வந்து கல்லாவில் தன் வண்டி எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார். கமிஷன். அது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. நானூறு ஐந்நூறு பேட்டாவில் வண்டி ஓட்டுகிறவர் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளப் பார்ப்பார். எங்கே நியாயம் மீறியது என்று பார்க்க நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கடைக்குப் போன நேரம் சும்மா இருந்த நேரமா, பார்க்க வேண்டியதிலிருந்து எடுத்த நேரமா?

சுவாமிமலை சும்மா இருந்த நேரம். பட்டுக் கடை முதல் அரை மணி வரை அப்படித்தான், பிறகு இல்லை. தாராசுரம் சேர்ந்தது 4.35. ஒரே தலையை யானையும் காளையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பம், அறுபத்துமூவர் கதை சொல்லும் சின்னஞ்சிறு பலகைகள், கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் இசைப்படிகள் என்று பார்த்து முடிக்க 5.20. கங்கைகொண்ட சோழபுரம் போய் இறங்க 6.20. அன்று சூரியன் மறைந்தது சுமார் 6.35-க்கு. வடக்குப் படிக்கட்டின் பக்கம் இருக்கிறது சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சூட்டும் சிற்பம், அந்தச் சண்டேசரில் ராசேந்திரனையே பார்ப்பவர்களும் உண்டு. சிவனின் விரல்கள் மாலையை எப்படிச் சுற்றுகின்றன என்று பார்ப்பதற்குள் முகம் மங்கிவிட்டது. மாமனார் போனின் வெளிச்சத்தில் பார்த்தார். கடைக்குப் போகாமல் நான்கு மணிக்குத் தாராசுரத்தில் இருந்திருந்தால் இங்கே இன்னும் முப்பத்தைந்து நிமிட வெளிச்சம் கிடைத்திருக்கும். அந்தக் கணக்கு ஓட்டுநருக்குத் தெரியாமல் இருக்காது. காலையில் நடை சாத்தும் நேரத்தை அவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் மாலையில் இருட்டும் நேரத்தைச் சொல்லவில்லை. அதே சமயம் தாராசுரத்தில் மாமனார் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு நின்றதில் போன பத்து நிமிடம் எங்களுடையது. அதை அவர் தலையில் கட்ட மாட்டேன்.

ஜெயங்கொண்டம், அரியலூர் வழியாகத் திருச்சி வர 9.40. இரவுச் சாலையில் ஓட்டம் நிதானமாக இருந்தது, ஒரு தடவைகூட வேகமாக முந்தவில்லை.

ரசீதில் 285 கிலோமீட்டர் என்று இருந்தது. நான் காலையில் ஏறும்போதும் இரவு இறங்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்திருந்தேன், வித்தியாசம் 267. மீதி 18 கிலோமீட்டர் வண்டி ஷெட்டிலிருந்து லாட்ஜுக்கு வந்து, திரும்பப் போன தூரம். ஷெட்டிலிருந்து ஷெட்டுக்குக் கணக்கிடுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான், அதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். என் வாட்ஸ்அப் செய்தியில் அது இல்லை. காட்டினேன். ஆபீஸ்காரர் கொஞ்சம் முனகிவிட்டு 18 கிலோமீட்டருக்கான 234 ரூபாயைக் கழித்தார். 4,390 ரூபாய் 4,156 ஆனது. பட்டுக் கடைக்குப் போன 16 கிலோமீட்டருக்கு 208 ரூபாய் அதற்குள்தான் இருக்கிறது, அதை நான் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டியது நானல்லவா?

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு நட்சத்திரத்தைத் திருத்தினேன். வழிகாட்டிக்கு நான்கு. "சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்தார், எங்கள் தாமதத்துக்காகப் பத்து நிமிடம் கூட நின்றார். கல்வெட்டைப் படித்துக் காட்டத் தெரிந்தவர். நிழல் விழாது, 216 அடி ஆகிய கதைகளையும் சொல்வார், கேட்டால் ஒத்துக்கொள்வார். தெரியாததைத் தெரியாது என்கிறார். பேசிய தொகைக்கு மேல் கேட்கவில்லை." ஓட்டுநருக்கு மூன்று. "ஐம்பது நிமிடம் தாமதம், அதிலும் ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் வந்தார், முந்தின இரவு ஒரு மணி வரை சவாரி. கோயில் நேரங்கள் நன்றாகத் தெரியும், அவர் மாற்றிய திட்டத்தால்தான் நாள் வீணாகவில்லை. பட்டுக் கடையால் கடைசிக் கோயிலில் வெளிச்சம் போனது. ஓட்டம் பத்திரம்." ஆபீஸுக்குத் தனியாக, ஷெட் கணக்கை முன்னமே சொல்லுங்கள் என்று ஒரு வரி.

இரண்டு நாள் கழித்து ஓட்டுநர் கூப்பிட்டார். குரலில் கோபமில்லை. "சார், தூக்கத்துல ஓட்டினேன்னு எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சுட்டு ஆபீஸ்ல என்னைத்தான் பிடிக்கிறாங்க. ராத்திரி ஒரு மணி சவாரி குடுத்தது அவங்கதானே?"

மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் எழுதிய வரிசையில் தூக்கக் கலக்கம் முன்னால் நிற்கிறது, காரணம் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதியோடு நிறுத்துகிறவருக்கு அது ஓட்டுநரின் குற்றம். மாற்றினேன்: "இரவு ஒரு மணிக்குத் திரும்பிய ஓட்டுநரையே காலை ஆறரைக்கு அனுப்புகிறது ஆபீஸ். வண்டி பேசும்போது முந்தின சவாரி எப்போது முடிகிறது என்று கேளுங்கள்." இந்த வரியை ஆபீஸின் மதிப்புரைக்கு நகர்த்தி, அங்கே ஒரு நட்சத்திரத்தையும் குறைத்தேன். ஓட்டுநரின் மதிப்புரையிலிருந்து தூக்கம் பற்றிய வரியை எடுத்துவிட்டேன்.

ஐம்பது நிமிடத்தையும் ஐந்து நிமிடப் பேச்சையும் எடுக்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

"அது இருக்கட்டும் சார்" என்றார். "அது நடந்ததுதானே."